சிறுகோடும் பெரும்பழமும்: ஒரு காதல் பாட்டின் உவமையைப் பிரித்துப் படித்தல்

குறுந்தொகையின் 18ஆம் பாட்டைப் பற்றிப் பேச்சு வந்தால், "தலைவியைப் பலாப்பழத்துக்கு ஒப்பிட்டிருக்கிறார் கபிலர்" என்று ஒரே வாக்கியத்தில் சொல்லி முடித்துவிடுகிறவர்கள் பலர். கேட்பதற்குச் சரியாகத்தான் படும். பாட்டில் பலா இருக்கிறது, பழம் இருக்கிறது, தலைவியும் இருக்கிறாள். அவளையும் பழத்தையும் இணைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று தோன்றும். ஆனால் ஐந்தே அடிகள் உள்ள அந்தப் பாட்டை நிதானமாகப் படித்தால், கபிலர் அப்படி ஒப்பிடவே இல்லை என்பது தெரியவரும். பழத்துக்கு இணையாக அவர் நிறுத்துவது தலைவியை அல்ல, அவளுடைய காதலை. இந்தச் சிறு இடறல் உவமை பற்றிய ஒரு பெரிய தவறான எண்ணத்திலிருந்து வருகிறது. ஒரு பொருளை இன்னொரு பொருளுக்குப் பக்கத்தில் வைப்பதே உவமை என்று நாம் பழகியிருக்கிறோம். விரிந்து செல்லும் உவமை அப்படி வேலை செய்வதில்லை. அது ஓர் உறவை இன்னோர் உறவுக்குப் பக்கத்தில் வைக்கிறது.

இந்தக் கட்டுரை அந்த ஒரு பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, அதன் உவமையை அடி அடியாகப் பிரித்துக் காட்டுகிறது. சங்க இலக்கியத்தை முன்பு படித்திராதவர்களுக்காக எழுதப்பட்டது. இலக்கணச் சொற்கள் தேவைப்படும் இடத்தில் மட்டும் வரும்.

## பாட்டும் அதன் நேர்ப்பொருளும்

வேரல் வேலி வேர்க்கோட் பலவின்
சாரல் நாட, செவ்வியை ஆகுமதி!
யார் அஃது அறிந்திசினோரே? சாரல்
சிறு கோட்டுப் பெரும் பழம் தூங்கியாங்கு, இவள்
உயிர் தவச் சிறிது, காமமோ பெரிதே.

உவமையைத் தொடுவதற்கு முன்னால் நேர்ப்பொருளை உறுதி செய்துகொள்ள வேண்டும். இதில் அவசரப்படுகிறவர்கள்தான் பின்னால் வழி தவறுகிறார்கள். "மூங்கிலை வேலியாகக் கொண்ட, வேரிலே குலை குலையாகக் காய்க்கும் பலா மரங்கள் நிறைந்த மலைச்சாரல் நாட்டை உடையவனே! அவளை மணந்துகொள்வதற்கு உரிய காலத்தை நீ உண்டாக்கிக்கொள். அவள் நிலையை வேறு யார் அறிந்திருக்கிறார்கள்? மலைச்சாரலில் ஒரு சிறிய கொம்பில் பெரிய பழம் தொங்கிக்கொண்டிருப்பதைப் போல, இவளுடைய உயிர் மிகச் சிறியது, காதலோ பெரியது." பாட்டு இவ்வளவுதான்.

ஓர் எச்சரிக்கை மட்டும் இங்கே தேவை. முதல் அடியின் 'கோட்' என்பதும் நான்காம் அடியின் 'கோட்டு' என்பதும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிந்தாலும் வேறு வேறு. முன்னது கோள், அதாவது குலை. பின்னது கோடு, அதாவது கொம்பு. முதல் அடியில் வேர்க்கொம்பு என்று எதுவும் இல்லை. வேரிலேயே காய்த்த குலைதான் இருக்கிறது. பாட்டின் உவமை முழுவதும் இந்த வேறுபாட்டின் மேல்தான் நிற்கப்போகிறது.

## சொல்லாமல் சொல்வது என்பது என்ன

சங்கப் பாட்டின் உவமைகளில் பாதி வெளிப்படையாக இருக்கும், பாதி மறைந்திருக்கும். மறைந்திருப்பது என்றவுடன் அது ஏதோ பண்டிதர்களுக்கு மட்டும் பிடிபடும் வித்தை என்று நினைக்க வேண்டியதில்லை. நாம் அன்றாடம் செய்வதுதான்.

ஒருவர் பக்கத்து ஊர் உழவருக்குக் கடன் கொடுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தவணை கடந்து பல மாதம் ஆகிவிட்டது. சந்தையில் எதிர்ப்பட்ட அந்த உழவரிடம் அவர் பணத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. "என்ன மாமா, உங்க ஊர்ப் பக்கம் நல்ல மழையாமே, ஏரி கோடி போயிடுச்சாமே?" என்று மட்டும் விசாரிக்கிறார். உழவரும் "ஆமாம் மாப்பிள்ளை, அறுப்பு முடியட்டும்" என்று பதில் சொல்கிறார். கேள்வியில் கடன் இல்லை. பதிலிலும் கடன் இல்லை. ஆனால் கேட்கப்பட்டதும் சொல்லப்பட்டதும் கடனைப் பற்றித்தான் என்பதில் இருவருக்கும் சந்தேகமில்லை.

இந்தப் பேச்சு எப்படி வேலை செய்தது என்று பார்த்தால் மூன்று செய்திகள் கிடைக்கும். கடன் கொடுத்தவர் தன் ஊரைப் பற்றிப் பேசவில்லை, கேட்பவருடைய ஊரைப் பற்றிப் பேசினார். ஊருக்கு வந்த வளத்தைச் சொன்னாரே ஒழிய, அதிலிருந்து என்ன முடிவுக்கு வர வேண்டும் என்பதைச் சொல்லவில்லை. அந்த முடிவைக் கேட்பவரே எடுத்துக்கொள்ள விட்டுவிட்டார். இருவருக்கும் பொதுவாக ஒரு பழைய கணக்கு இருந்ததால்தான் இது புரிந்தது. அது தெரியாத மூன்றாமவர் பக்கத்தில் நின்றிருந்தால் மழை விசாரிப்பு என்றே எண்ணியிருப்பார்.

கபிலரின் பாட்டில் 'சாரல் நாட' என்று விளிக்கும் குரல் செய்வதும் இதுதான். அங்கேயும் கேட்பவனுடைய ஊர்தான் பேசப்படுகிறது. அங்கேயும் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. அங்கேயும் முடிவு சொல்லப்படுவதில்லை.

## பேசுவது யார், கேட்பது யார்

உவமையைப் பிரிப்பதற்கு முன்னால் அதைச் சொல்லும் வாய் யாருடையது என்று தெரிந்தாக வேண்டும். அகப்பாட்டுகளில் கவிஞர் தாமாகப் பேசுவதில்லை. ஒரு பாத்திரத்தைப் பேச வைக்கிறார். அந்தப் பேச்சுக்குக் கூற்று என்று பெயர். இந்தப் பாட்டு தோழியின் கூற்று.

அதை எப்படிக் கண்டுபிடிப்பது? பாட்டுக்குக் கீழே ஒரு குறிப்பு அச்சாகியிருக்கும்: இரவுக்குறி வந்து நீங்கும் தலைமகனைத் தோழி எதிர்ப்பட்டு வரைவு கடாயது. அதாவது இரவில் தலைவியை மறைவாகச் சந்தித்துவிட்டுத் திரும்பும் தலைவனை வழிமறித்து, அவளை மணந்துகொள் என்று தோழி வற்புறுத்துகிறாள். இப்படிச் சூழலைச் சொல்லும் குறிப்பைத் துறை என்பார்கள். துறைக் குறிப்புகள் பாட்டோடு பிறந்தவை அல்ல, பின்னால் வந்தவர்கள் எழுதிச் சேர்த்தவை என்பதால், அவற்றை நம்புவதோடு நில்லாமல் பாட்டுக்குள்ளேயே சான்று தேடுவது நல்ல பழக்கம்.

சான்று இருக்கிறது. 'நாட' என்பது விளி. ஆகவே எதிரில் நிற்பவன் அந்த மலைநாட்டுக்காரன். 'இவள் உயிர்' என்று வருவதால் பேசுகிறவள் தலைவி அல்ல; தலைவியாக இருந்தால் 'என் உயிர்' என்றிருப்பாள். 'அவள்' என்னாமல் 'இவள்' என்றதால் தலைவி தொலைவில் இல்லை. பேச்சு கேட்கும் தூரத்திலேயே இருக்கிறாள் அல்லது பேசுகிறவளின் நெஞ்சுக்கு அவ்வளவு அண்மையில் இருக்கிறாள். 'யார் அறிந்திருக்கிறார்கள்' என்ற கேள்வி, இது வீட்டாருக்குத் தெரியாத உறவு என்பதைக் காட்டிவிடுகிறது. இவ்வளவையும் சேர்த்தால் இந்த உறவை அறிந்த மூன்றாவது ஆள் ஒருத்திதான் பேச முடியும், அவள் தோழி.

இதுவரை கிடைத்தது இது: களவில் நடக்கும் ஒரு காதல், அதை அறிந்த தோழி, திருமணத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இரவில் மட்டும் வந்து போகும் ஒருவன். தோழிக்கு வேண்டியது ஒன்றே ஒன்று, அவன் மணந்துகொள்ள வேண்டும். இனி உவமையில் நாம் காணும் ஒவ்வொரு பொருளும் இந்த ஒரு வேண்டுகோளுக்கு உதவ வேண்டும்.

## வெளிப்படையான பாதி: கொம்பும் பழமும்

கடைசி இரண்டு அடிகளில் இருப்பது ஒளிவில்லாத உவமை. எதைக் கொண்டு ஒப்பிடுகிறோமோ அது உவமை. எதை விளக்க ஒப்பிடுகிறோமோ அது பொருள். இரண்டையும் இணைக்கும் 'போல' போன்ற சொல் உவம உருபு. இங்கே 'தூங்கியாங்கு' என்பதில் உள்ள 'ஆங்கு' உவம உருபாக நிற்கிறது. (இங்கே தூங்குதல் என்றால் உறங்குதல் அல்ல, தொங்குதல்.)

உவமைப் பக்கத்தில் இரண்டு பொருள்கள் இருக்கின்றன: சிறிய கொம்பு, பெரிய பழம். விளக்கப்படும் பக்கத்திலும் இரண்டு இருக்கின்றன: உயிர், காமம். சங்கப் பாட்டில் காமம் என்பது காதல் விருப்பம் முழுவதையும் குறிக்கும் மரியாதையான சொல். எதை எதனோடு சேர்ப்பது என்பதில் நமக்குத் தடுமாற்றமே வேண்டாம், ஏனென்றால் கபிலரே சேர்த்துக் கொடுத்துவிட்டார். சிறு கோடு என்றார். உயிர் சிறிது என்றார். பெரும் பழம் என்றார். காமம் பெரிது என்றார். அதே அடைகள், அதே வரிசை. கொம்பு உயிர், பழம் காதல்.

இப்போது தொடக்கத்தில் சொன்ன தவறான வாக்கியத்தைச் சோதித்துப் பார்க்கலாம். பழம்தான் தலைவி என்று வைத்துக்கொண்டால் கொம்பு யார்? அவளுடைய உயிர் என்று சொன்னால், தலைவி தன் உயிரில் தொங்கிக்கொண்டிருக்கிறாள் என்றாகும். காமத்துக்குச் சேர இடமே இருக்காது. பாட்டு அவ்வளவு தெளிவாகச் சொன்ன ஒரு சொல் துணையில்லாமல் மீந்துபோகிறது. ஓர் உவமையைப் பிரித்த பிறகு இப்படி ஏதாவது மீந்தால், பிரித்த விதம் தவறு என்று கொள்ளலாம். தொடக்க நிலையில் இருப்பவர்களுக்கு இதைவிட நம்பகமான சோதனை கிடையாது.

இணைகளைக் கண்டுபிடித்ததோடு உவமை விளங்கிவிட்டதா என்றால், இல்லை. உயிர் கொம்பைப் போல இருக்கிறது என்பதில் என்ன பெரிய செய்தி இருக்கிறது? உயிர் பழுப்பு நிறமா, பட்டை உரிந்ததா? காதல் பலாப்பழத்தைப் போல முள்தோல் உடையதா? தனித்தனியாக எடுத்தால் இரண்டு ஒப்பீடுகளுமே ஒன்றுக்கும் ஆகாதவை. கொம்புக்கும் பழத்துக்கும் இடையே உள்ள உறவை எடுத்தால்தான் உவமை உயிர் பெறுகிறது. ஒன்று மற்றொன்றைத் தாங்குகிறது. தாங்கப்படுவது தாங்குவதைவிடப் பெரியது. உயிருக்கும் காதலுக்கும் இடையே இருப்பதும் இதே உறவு. கபிலர் ஒப்பிட்டது பொருள்களை அல்ல, சுமையையும் சுமப்பதையும்.

பலாவை அருகில் பார்த்தவர்களுக்கு இந்தப் பொருத்தம் இன்னும் கூர்மையாகத் தெரியும். மரத்தில் காய்க்கும் பழங்களிலேயே பெரியது பலாதான். 10 கிலோ, 20 கிலோ எடையுள்ள பழங்கள் வெகு சாதாரணம், அதைத் தாண்டுவதும் உண்டு. அதனால்தான் பலா பெரும்பாலும் அடிமரத்திலும் பருத்த கிளைகளிலும் காய்க்கிறது. மாமரத்தைப் போலக் கிளை நுனிகளில் கொத்துக் கொத்தாகத் தொங்குவதில்லை. ஆக, மெலிந்த கொம்பில் பெரிய பலாப்பழம் என்பது வழக்கமான காட்சி அல்ல, கவலை தரும் காட்சி. பண்ருட்டித் தோப்பிலோ கொல்லிமலையிலோ அப்படி ஒன்றைப் பார்க்கும் உழவர் ரசித்துக்கொண்டு நிற்க மாட்டார். முட்டுக் கொடுப்பதா, இப்போதே இறக்கிவிடுவதா என்றுதான் யோசிப்பார். தோழி தலைவனிடம் எதிர்பார்ப்பதும் அந்த யோசனையைத்தான்.

இன்னொரு நுட்பம் 'தவ' என்ற சிறிய சொல்லில் இருக்கிறது. 'மிக' என்று பொருள்படும் இந்தச் சொல் காமத்தின் பெருமைக்கு அடையாக வரவில்லை. உயிரின் சிறுமைக்கு அடையாக வந்திருக்கிறது. உயிர் மிகச் சிறிது. காமம் வெறுமனே பெரிது. காதலை விதந்து பாடுவது நோக்கமாக இருந்திருந்தால் 'தவ' பழத்தின் பக்கம் போயிருக்கும். தோழியின் கண் பழத்தின் மேல் இல்லை, கொம்பின் மேல் இருக்கிறது.

## சொல்லப்படாத முறிவு

உவமை 'தூங்கியாங்கு' என்ற இடத்தில் நின்றுவிடுகிறது. பழம் தொங்குகிறது, அதற்கு மேல் எதுவும் சொல்லப்படவில்லை. ஆனால் தொங்குவது என்பது நிலையான செய்தி அல்ல. பழம் நாளுக்கு நாள் பருத்துக் கனத்துக்கொண்டே போகும். கொம்பு அந்த வேகத்தில் பருக்காது. இப்படியே விட்டால் ஒரு நாள் கொம்பு முறியும். அப்போது பழமும் மிஞ்சாது, கொம்பும் மிஞ்சாது. உயிர் போனால் காதலும் போகும் என்பதை வாசகர்தான் இங்கே முடித்துக்கொள்ள வேண்டும்.

விரிந்து செல்லும் உவமைக்கும் ஓரடி உவமைக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் தெரிகிறது. அதே குறுந்தொகையின் 40ஆம் பாட்டில், செம்மண் நிலத்தில் பெய்த மழைநீரைப் போல நெஞ்சங்கள் கலந்தன என்று வருவது எல்லோரும் அறிந்ததே. அது அழகான உவமை, ஆனால் கலந்ததோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது. நாளைக்கு அந்த நீர் என்ன ஆகும் என்று நாம் கேட்பதில்லை, பாட்டும் அதைக் கேட்கச் சொல்வதில்லை. 18ஆம் பாட்டின் உவமைக்கு ஒரு நாளை இருக்கிறது. இணைகளைப் பொருத்திய பிறகு, உவமைப் பக்கத்தில் அடுத்து என்ன நடக்கும் என்று கேட்டு, அந்த விடையைப் பொருள் பக்கத்துக்குக் கொண்டுவந்தால் அது அங்கேயும் பொருந்துகிறது. விரிந்த உவமை என்பதற்கு அடையாளம் அதன் நீளம் அல்ல; இப்படி முன்னே நகர்த்திப் பார்க்க இடம் கொடுப்பதுதான்.

தோழி ஏன் முறிவைச் சொல்லவில்லை? "நீ மணக்காவிட்டால் இவள் செத்துப்போவாள்" என்று நேராகச் சொல்லியிருந்தால் அது மிரட்டலாகிவிடும்; "அப்படியெல்லாம் ஆகாது" என்று அவன் ஒரு சொல்லில் தட்டிக்கழித்திருக்கலாம். பழம் தொங்குவதைச் சொன்னால் மறுப்பதற்கு அதில் ஒன்றுமில்லை. முறிவைக் கற்பனை செய்கிற பொறுப்பு அவனுடையதாகிவிடுகிறது. நான் இதைத் தோழியின் சாமர்த்தியம் என்றே எண்ணுகிறேன். மென்மை என்று சொல்லத் தயங்குவேன்.

கொம்பும் பழமும் உயிரும் காமமுமாகப் பொருந்தின. அவற்றிடையே தாங்குதல் என்ற உறவு பொருந்தியது. அந்த உறவின் அடுத்த கட்டமான முறிவு, சொல்லப்படாமலே பொருந்தியது. வெளிப்படையான பாதி இத்தோடு முடிகிறது. ஆனால் முதல் அடியை இன்னும் தொடவே இல்லை.

## மறைந்திருக்கும் பாதி: முதல் அடியின் பலா

முதல் அடியில் வரும் வேர்ப்பலா எந்த உவம உருபும் இல்லாமல் வருகிறது. இலக்கண முறைப்படி அது தலைவனின் நாட்டுக்கு அடைமொழி, அவ்வளவே. 'மூங்கில் வேலியும் வேர்ப்பலாவும் உள்ள மலைநாட்டுக்காரனே' என்பது, 'ஏரி நிறைந்த ஊர்க்காரரே' என்பதைப் போன்ற ஒரு விளி. அழகுக்காகப் போட்ட இயற்கை வருணனை என்று தாண்டிப் போய்விட எல்லா வசதியும் இருக்கிறது.

தொல்காப்பியம் அப்படித் தாண்டிப் போகாதே என்கிறது. அகப்பாட்டில் வரும் உவமைகளை அது இரண்டாகப் பிரிக்கிறது: உள்ளுறை உவமம், ஏனை உவமம். நான்காம் அடியில் பார்த்தது ஏனை உவமம். அதாவது உவமையும் பொருளும் இரண்டுமே வெளியே தெரிவது. நிலத்தின் மரத்தையோ விலங்கையோ பறவையையோ மட்டும் சொல்லி, "இதனோடு ஒத்து என் கருத்து முடியட்டும்" என்று கவிஞர் உள்ளே வைத்துவிட்டு விலகிக்கொள்வது உள்ளுறை. கடன் கொடுத்தவர் ஏரியைப் பற்றி விசாரித்த விதம் இது. உள்ளுறைக்குத் தெய்வத்தைத் தவிர அந்த நிலத்தில் இயல்பாக உள்ள பொருள்களைப் பயன்படுத்துவார்கள் என்றும் தொல்காப்பியம் சொல்கிறது.

உள்ளுறையைத் திறக்க ஒரு சாவி வேண்டும். இந்தப் பாட்டில் அந்தச் சாவியைக் கபிலர் நம் கையிலேயே கொடுத்திருக்கிறார். அதனால்தான் தொடங்குகிறவர்களுக்கு இது ஏற்ற பாட்டு. பலா முதல் அடியிலும் வருகிறது, நான்காம் அடியிலும் வருகிறது. 'சாரல்' என்ற சொல்லும் இரண்டாம் அடியில் ஒரு முறை, மூன்றாம் அடியின் கடைசியில் ஒரு முறை. ஒரே வகை மரம், ஒரே வகை இடம்; ஆனால் இரண்டு மரங்களின் நிலை நேர் எதிர். அருகருகே வைத்துப் பார் என்று பாட்டே சொல்கிறது.

முதல் மரத்தின் பழம் வேரில் இருக்கிறது. முதிர்ந்த பலா மரங்களில் அடிமரத்தின் கீழ்ப்பகுதியிலும், மண்ணையொட்டிய வேரிலும்கூடக் காய் பிடிப்பது உண்டு. வேர்ப்பலா என்று அதைச் சிறப்பாகச் சொல்வார்கள். வேரில் உள்ள பழத்துக்கு எடை ஒரு பிரச்சினையே அல்ல. எவ்வளவு பருத்தாலும் தாங்குவது நிலம்; விழுவதற்கு உயரமே இல்லை. அதற்கு மேலும் ஒரு காவலாகச் சுற்றிலும் மூங்கில் வேலி இருக்கிறது. இரண்டாவது மரத்தின் பழத்துக்கு இந்த இரண்டில் எதுவும் சொல்லப்படவில்லை. கீழே நிலம் தாங்கவில்லை. வேலி என்ற பேச்சே இல்லை. ஒரு மெலிந்த கொம்பு மட்டும் இருக்கிறது.

இந்த இரண்டு மரங்களும் இரண்டு வகை வாழ்க்கையாகின்றன. ஊரறிய மணந்துகொண்ட காதல் வேர்ப்பலாவின் நிலையில் இருக்கிறது: காதல் எவ்வளவு பெரிதானாலும் அதைத் தாங்க வீடு இருக்கிறது, சுற்றம் வேலியாக நிற்கிறது. மறைவில் நடக்கும் காதல் கொம்பில் தொங்கும் பழத்தின் நிலையில் இருக்கிறது: அதே காதல்தான், குறைந்த காதல் அல்ல, ஆனால் அதைத் தாங்குவது ஒரு பெண்ணின் தனி உயிர் மட்டுமே. இப்போது மூன்றாம் அடியின் கேள்விக்கும் இடம் கிடைக்கிறது. 'யார் அஃது அறிந்திசினோரே' என்பது, அறிந்தவர் இல்லை என்பதை மட்டும் சொல்லவில்லை. அறிந்தவர் இருந்தால்தானே வேலி போட முடியும்?

'சாரல் நாட' என்ற விளியின் உள்ளே ஒரு குத்தலும் இருக்கிறது. உன் நாட்டில் பழங்களுக்குக்கூட வேலி கட்டிக் காக்கிறார்கள். நீயோ உன்னை நம்பியவளை வேலியில்லாமல் விட்டிருக்கிறாய். பெரியவனாகப் பேசி விளித்து, அந்தப் பெருமையைக்கொண்டே அவனைக் கேள்வி கேட்கும் விதம் இது. உழவரின் ஏரி நிறைந்ததைச் சொல்லி, நிறைந்த பிறகும் ஏன் கடனைத் தீர்க்கவில்லை என்று கேட்பதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை.

வேறொரு வாசிப்புக்கும் இங்கே இடம் உண்டு. வேரிலே உள்ள பழம் நின்ற இடத்தில் குனிந்தாலே கைக்கு எட்டும். அதுபோலத் தலைவனுக்குக் காதலின் பயன் எளிதில் கிடைத்துவிடுகிறது, அதனால் அவனுக்குத் திருமண அவசரம் தெரியவில்லை என்று கொள்ளலாம். இதுவும் தோழியின் வேண்டுகோளுக்கு உதவுகிறது. ஆகவே தள்ளிவிட முடியாது. ஆனால் இந்த வாசிப்பில் மூங்கில் வேலிக்கு வேலை இல்லாமல் போகிறது. எளிதில் எட்டும் பழத்தைச் சுற்றி வேலி எதற்கு? முதல் சொல்லே வேரல் என்று தொடங்குகிற பாட்டில் அந்த வேலியை வீணாக்காத வாசிப்பையே நான் முன்னே வைப்பேன்.

ஆக, வெளிப்படையான உவமை தலைவியின் ஆபத்தைச் சொல்கிறது. உள்ளுறை அந்த ஆபத்து தேவையில்லாதது என்பதைச் சொல்கிறது. இரண்டும் ஒரே பலாவைக் கொண்டு பின்னப்பட்டிருப்பதால், பாட்டு முழுவதும் ஒரே உவமையாக நீள்கிறது.

## எங்கே நிறுத்துவது

உள்ளுறை என்ற ஒன்று இருக்கிறது என்று தெரிந்தவுடன் புதியவர்கள் எல்லாவற்றுக்கும் உள்ளே பொருள் தேடத் தொடங்கிவிடுகிறார்கள். பலாவின் முள்தோல் தலைவனின் கடுமை, பிசின் பிரிய முடியாத பாசம், சுளை தலைவியின் உள்ளம் என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் முள்ளும் பிசினும் சுளையும் பாட்டில் இல்லை. பலாவைப் பற்றி நமக்குத் தெரிந்தவை எல்லாம் இந்தப் பாட்டின் பலாவுக்குச் சொந்தமல்ல. பாட்டு எடுத்துக்கொண்ட பண்புகள் இடம், அளவு, தாங்குதல், காவல் ஆகியவை மட்டும். மற்றவற்றை மரத்திலேயே விட்டுவிட வேண்டும்.

கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் செய்யும் தவறு வேறு மாதிரி. குறிஞ்சிப் பாட்டுகள் பலவற்றில் பலாப்பழத்தைத் தேடிக் குரங்கு வரும். அந்தக் குரங்கை இங்கேயும் அழைத்து வந்து, வேலி இல்லாத பழத்தைக் குரங்கு கவர்ந்துபோவது தலைவிக்கு வேறிடத்தில் மணம் பேசுவதைக் காட்டுகிறது என்று விளக்கினால், அது இன்னொரு பாட்டின் விளக்கமாகிவிடும். இந்தப் பாட்டில் பழத்துக்கு வரும் ஆபத்து வெளியிலிருந்து வரவில்லை. பழத்தின் எடையிலிருந்தே வருகிறது. குரங்கைக் கொண்டுவந்தால் கடைசி இரண்டு அடிகளின் கூர்மை மழுங்கிப்போகும்.

பேசுகிறவர் யார் என்பதும் ஓர் எல்லையை வகுக்கிறது. உள்ளுறை சொல்லும்போது தலைவி தான் அறிந்தவற்றைக்கொண்டு சொல்வாள் என்றும், தோழி தன் நிலத்தைத் தாண்டிப் போய்ச் சொல்ல மாட்டாள் என்றும் தொல்காப்பியத்தின் உவமவியல் வரையறுக்கிறது. இந்தத் தோழி கடலையோ வயலையோ தேடிப் போகவில்லை. இரண்டு மரங்களும் சாரலிலேயே நிற்கின்றன. ஆகவே நாம் விளக்கம் சொல்லும்போதும், மலையில் வாழும் ஒரு பெண் அந்த இரவில் தன் முன் நிற்பவனிடம் சொல்லியிருக்கக்கூடியதா என்று கேட்டுப் பார்ப்பது உதவும். கப்பலின் பாய்மரம், கோயில் தூண் என்று நம் விளக்கம் வேறு நிலத்துக்குள் நுழைந்துவிட்டால், அது நம்முடைய கவிதையே தவிர அவளுடைய பேச்சு அல்ல.

எல்லைக்கோட்டின் மேலேயே நிற்கும் ஒரு சொல்லும் இருக்கிறது. 'செவ்வியை ஆகுமதி' என்று தோழி கேட்கும்போது, செவ்வி என்பதற்கு மணத்துக்கு உரிய காலம் என்று உரை சொல்கிறோம். அதே சொல்லுக்குப் பக்குவம் என்ற பொருளும் உண்டு. பழமே உவமையாக இருக்கும் பாட்டில், பழத்தின் பக்குவத்தையும் சேர்த்தே கபிலர் நினைத்தார் என்று கொள்ளலாமா? பக்குவமான பழத்துக்கு உரிய காலம் பறிக்கும் காலம்தானே என்று வாதிடலாம். முறிவதற்கு முன்னால் இறக்கிவிடு என்ற கருத்துக்கும் அது ஒத்துப்போகிறது. ஆனால் இலக்கணப்படி செவ்வி உடையவனாக ஆக வேண்டியவன் தலைவன். 'ஆகுமதி' என்ற ஏவல் அவனை நோக்கி வருகிறது, பழத்தை நோக்கி அல்ல. பழம் ஏற்கெனவே பெரும்பழம். அது பக்குவத்துக்குக் காத்திருக்கவில்லை. பக்குவப்பட வேண்டிய ஆள் வேலியுள்ள நாட்டிலிருந்து இரவில் நடந்து வந்து போகிறவன்தான்.